கடலில் பாய்ந்த தோட்டாவை விசாரிக்க நமக்கு உரிமை இல்லையா?

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ‘செயின்ட் ஆண்டனி’ படகின் மீது, ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு மீனவர்கள் செத்து விழுந்தார்கள். ஒருவர் கொல்லம் மாவட்டத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அவர்களிடம் ஆயுதம் எதுவும் இல்லை. சுட்டதாகக் கைதானவர்கள் இத்தாலியக் கடற்படை வீரர்களான மாசிமிலியானோ லத்தோரேயும் சால்வத்தோரே ஜிரோனேயும். படகில் வந்தவர்களைக் கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்பது இத்தாலியத் தரப்பின் விளக்கம்.

இந்த ஒரே வழக்கில் தூதரக விலக்குரிமை, அரசு விலக்குரிமை என்ற இரண்டும் அடுத்தடுத்து நம் முன் வந்து நின்றன. இரண்டையும் நாம் தவறாகக் கையாண்டோம். தொடக் கூடாதவரைத் தடுத்து வைத்தோம். விசாரிக்க வேண்டியவர்களைக் கைநழுவ விட்டோம். அந்தப் பிழைக்குக் காரணமான சட்ட வெற்றிடம் இன்னமும் அப்படியே கிடக்கிறது என்பதுதான் நம்மை இதை எழுத வைக்கிறது.

முதலில் தூதர் விவகாரம். 2013 பிப்ரவரியில் இத்தாலியில் பொதுத் தேர்தல். வாக்களித்துவிட்டு வர நான்கு வாரம் அவகாசம் கேட்டார்கள் வீரர்கள். அவர்கள் கட்டாயம் திரும்புவார்கள் என்று இத்தாலியத் தூதர் டேனியல் மன்சினி உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தார். நீதிமன்றம் நம்பி அனுப்பியது. மார்ச் 11 அன்று, வீரர்கள் திரும்ப மாட்டார்கள் என்று ரோம் கைவிரித்தது. கொதித்துப்போன உச்ச நீதிமன்றம், அனுமதியின்றித் தூதர் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று உத்தரவிட்டது. விமான நிலையங்கள் உஷார்ப்படுத்தப்பட்டன. நீதிமன்றத்துக்கு வந்து வாக்குக் கொடுத்தவர் விலக்குரிமை பேச முடியாது என்பது நீதிபதிகளின் நிலைப்பாடு.

அந்தக் கோபம் நியாயமானது. உத்தரவு நியாயமானதல்ல. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு, தூதரை எந்த வகையிலும் கைது செய்யவோ தடுத்து வைக்கவோ கூடாது என்கிறது. 32ஆம் பிரிவு, விலக்குரிமையைத் துறக்கும் அதிகாரம் அவரை அனுப்பிய அரசுக்கே உரியது, அந்தத் துறப்பும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும் என்கிறது. உறுதிமொழிப் பத்திரம் கொடுத்ததாலேயே, தன் உடலைத் தடுத்து வைக்கவும் சம்மதித்துவிட்டார் என்று பொருள்கொள்ள அதில் இடமில்லை. இந்த உடன்படிக்கையை 1972லேயே சட்டமாக்கிக்கொண்ட நாடு நாம்.

தூதருக்கு ஏன் இவ்வளவு பெரிய கவசம்? அது அவருடைய நன்மைக்காக அல்ல. பகை அரசின் தலைநகரிலும் ஒருவர் அச்சமின்றித் தன் அரசுக்காகப் பேச வேண்டும். இல்லையென்றால் நாடுகளுக்கிடையே பேச்சே நடக்காது. டில்லியில் நாம் ஒரு தூதரைத் தடுத்தால், நாளை வேறொரு தலைநகரில் நம் தூதரைத் தடுக்க அது முன்னுதாரணமாகும். 1979இல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் முற்றுகையிடப்பட்டுப் பணியாளர்கள் பிணைக் கைதிகளானபோது, சர்வதேச நீதிமன்றம் ஈரானிடம் சொன்னதும் இதுதான்: தூதர்மீது குறை இருந்தால் வெளியேற்று, உறவைக்கூட முறித்துக்கொள், ஆனால் அவர் மேல் கை வைக்காதே.

அந்தக் கவசம் எல்லையற்றதும் அல்ல. தூதர் யாரென்பதைப் பெறும் நாடு முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறது. பிடிக்கவில்லையென்றால் காரணம் சொல்லாமலேயே வெளியேறச் சொல்லலாம். சொந்த வியாபாரமோ, சொந்த நிலமோ, வாரிசுச் சொத்தோ வழக்கானால் விலக்குரிமை எடுபடாது. பதவி முடிந்து உரிய அவகாசத்துக்குள் நாடு திரும்பிய பிறகு, அலுவல் செயல்களுக்கு மட்டுமே பாதுகாப்பு மிஞ்சும். 2022இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போயிற்று. வீட்டுப் பணியாளை அடிமைபோல வைத்திருந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரு சவூதி தூதரக அதிகாரியின் வழக்கில், அந்தக் குற்றச்சாட்டு உண்மையானால் அது லாபம் தேடும் செயலே, விலக்குரிமைக்குள் வராது என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

மார்ச் 22இல் வீரர்கள் திரும்பினார்கள். தூதரைத் தடுத்ததால்தான் காரியம் நடந்தது என்று பலரும் பெருமிதப்பட்டார்கள். நாம் அதில் சேரவில்லை. வீரர்கள் வந்தார்கள், சாட்சி விசாரணை தொடங்கவே இல்லை. எந்த நீதிமன்றம் விசாரிப்பது, எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பது என்ற சச்சரவிலேயே ஆண்டுகள் ஓடின. கேரளத்துக்கு அதிகாரமில்லை, மத்திய அரசுதான் தனி நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியிலேயே சொல்லியிருந்தது. இதற்கிடையே இத்தாலி 2015இல் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது.

அங்கேதான் இரண்டாவது விலக்குரிமை வென்றது. அது மனிதரைப் பார்ப்பதில்லை, அவர் செய்த செயலைப் பார்க்கிறது. ஓர் அரசை இன்னோர் அரசின் நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்பது பழைய நெறி. அரசு தன் ஆட்களின் கைகளால்தான் இயங்குகிறது என்பதால், அரசின் பணியாகச் செய்த செயலுக்காக அந்த ஆட்களையும் விசாரிக்கக் கூடாது என்று நெறி நீள்கிறது. அரசே கடைக்காரரைப் போல வாங்கி விற்றால் விலக்கு இல்லை என்பது இன்று பெரும்பாலான நாடுகளின் வழக்கம். 2011இல் எத்தியோப்பிய விமான நிறுவன வழக்கில் நம் உச்ச நீதிமன்றமும் அப்படியே சொன்னது.

2020 மே மாதம் வந்த நடுவர் மன்றத் தீர்ப்பு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், அந்த இரு வீரர்களும் இத்தாலிய அரசின் பணியில்தான் இருந்தார்கள், ஆகவே இந்தியா அவர்கள் மீதான குற்ற விசாரணையைக் கைவிட வேண்டும் என்றது. இந்தியப் படகின் கடல் பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. விசாரணையை ரோமில் மீண்டும் தொடங்குவதாக இத்தாலி கொடுத்த வாக்கைப் பதிவு செய்துகொண்டது. இத்தாலி பத்துக் கோடி ரூபாய் செலுத்தியது. இரு குடும்பங்களுக்குத் தலா நான்கு கோடி, படகு உரிமையாளருக்கு இரண்டு கோடி என்று பிரித்து, உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் வழக்கை முடித்துவைத்தது. 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றம் அங்கிருந்த வழக்கையும் மூடிவிட்டது. இரண்டு உயிர்கள் போனதற்கு உலகின் எந்த மூலையிலும் ஒரு குற்ற விசாரணை நடந்து முடியவில்லை.

இந்தத் தீர்ப்பின் அபாயத்தை உணர, அந்த வீரர்கள் எப்படி எண்ணெய்க் கப்பலுக்கு வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 2011இல் இத்தாலி ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி தனியார் கப்பல் முதலாளிகள் கேட்டால் கடற்படை வீரர்கள் காவலுக்கு அனுப்பப்படுவார்கள். செலவை முதலாளி ஏற்க வேண்டும். ஏற்றிச் சென்ற கப்பலும் தனியாருடையது, காத்த லாபமும் தனியாருடையது. சீருடை மட்டும் அரசுடையது. அந்தச் சீருடையே விலக்குரிமைக்குப் போதும் என்றாகிவிட்டது.

தூதரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தூதரை நாம் ஏற்றுக்கொண்டோம். இந்த வீரர்கள் நம் கரையோரம் போவது நமக்குத் தெரியவே தெரியாது. தூதரை வெளியேற்றலாம், கடந்துபோகும் கப்பலின் காவலரை எங்கே வெளியேற்றுவது? தூதரின் கவசம் பதவியோடு பெருமளவு கழன்றுவிடும். அரசுச் செயலுக்கான கவசம் ஆயுள் முழுக்க நீடிக்கும். நம் சம்மதமும் அறிவிப்பும் இல்லாமல் பிறக்கிற விலக்குரிமை, சம்மதத்தோடு பிறக்கிற விலக்குரிமையைவிட வலுவாக இருக்கிறது. இது தலைகீழான நீதி.

அந்நிய அரசின் செயலால் நம் மண்ணில் உயிர் போனால் அந்த அரசுக்கு விலக்கு கிடையாது என்ற விதிவிலக்கு பல நாடுகளின் சட்டங்களில் உண்டு. 1976இல் வாஷிங்டன் நகரத் தெருவில் சிலி நாட்டின் முன்னாள் அமைச்சர் ஒர்லாந்தோ லெத்தெலியர் கார் குண்டில் கொல்லப்பட்டபோது, அமெரிக்க நீதிமன்றம் சிலி அரசின் மீதே இழப்பீட்டு வழக்கை ஏற்றது. அத்தகைய விதிவிலக்கு இங்கே பொருந்தாது என்று நடுவர் மன்றம் ஒதுக்கிவிட்டது. சுட்டவர்கள் நின்றது இந்திய மண்ணில் அல்லவே. ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2022இல் முதல் வாசிப்பில் ஏற்ற வரைவும் நமக்கு ஆறுதல் தராது. இனப்படுகொலை, போர்க்குற்றம், சித்திரவதை போன்ற சில கொடுங்குற்றங்களுக்கு மட்டும் அதிகாரிகளின் விலக்குரிமையை அது நீக்குகிறது. ஒரு மீனவர் சுட்டுக் கொல்லப்படுவது அந்தப் பட்டியலில் இல்லை.

நம் கையில் இருப்பது என்ன? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 86ஆம் பிரிவு மட்டும். அந்நிய அரசின் மீது வழக்குப் போட மத்திய அரசின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். பில்லில் எழுதிய வேலைப் பாக்கிக்காகக்கூட வெளியுறவுத் துறையின் வாசலில் நிற்க வேண்டும். அல்ஜீரியத் தூதரகத்தில் வேலை செய்து பாக்கிக்கு அலைந்த ஒருவருக்கு அரசியல் காரணம் காட்டி அனுமதி மறுக்கப்பட்டது. காரணத்தைச் சொல்லி மறுபடி முடிவெடுங்கள் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. குற்ற வழக்குகளில் அந்நிய அரசின் ஆட்களுக்கு எதுவரை விலக்கு என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லவே இல்லை. அரசு விலக்குரிமை பற்றிய 2004ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் 2007இல் கையெழுத்திட்டோம். இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. பிரிட்டன் 1978லேயே இதற்கெனத் தனிச் சட்டம் செய்துவிட்டது.

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் கடல் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். 2010இல் கப்பல் நிறுவனங்கள் ‘கொள்ளை அபாயப் பகுதி’யின் எல்லையைக் கிழக்கே 78ஆம் பாகை வரை நீட்டின. நம் மேற்குக் கரை முழுவதும் அதற்குள் வந்தது. கொல்லத்துக்கும் குளச்சலுக்கும் எதிரே வலை வீசியவர், தனக்கே தெரியாமல் கொள்ளையர் பகுதிக்குள் இருந்தார். 2015இல் எல்லை பின்வாங்கியது. 2023 தொடக்கத்தில் அந்தப் பகுதியே நீக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் சோமாலியக் கொள்ளையர் மீண்டும் கப்பல் கடத்தத் தொடங்கினார்கள். ஆயுதக் காவலர்களுக்கான தேவையும் கூடவே திரும்பும்.

மத்திய அரசு மூன்று காரியங்களைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும். அந்நிய அரசுகளுக்கும் அவற்றின் அதிகாரிகளுக்கும் உள்ள விலக்குரிமையையும் அதன் விதிவிலக்குகளையும் வரையறுக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் வர வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு தனியார் கப்பலைக் காக்கும் சிப்பாயின் துப்பாக்கி அரசுச் செயல் ஆகாது என்ற நிலைப்பாட்டை அது திட்டவட்டமாக எழுத வேண்டும். தன் வீரர்களை வணிகக் கப்பலில் ஏற்றும் ஒவ்வொரு நாட்டோடும், சூடு நடந்தால் எங்கே, எத்தனை காலத்துக்குள், யாருடைய சாட்சியத்தோடு விசாரணை நடக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு காண வேண்டும். நடுவர் மன்றத்தின் முன் கொடுத்த வாக்கை இத்தாலி எப்படி நிறைவேற்றியது, ரோமில் வழக்கு என்ன காரணத்தால் மூடப்பட்டது, அதைக் கேட்டு இந்தியா என்ன செய்தது என்பதை வெளியுறவு அமைச்சகம் அவைகளின் மேசையில் வைக்க வேண்டும்.