பலகையைப் படித்துச் சொல்லுங்கள்

அடையாறு காந்தி நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வாரத்தில் 3 நாள் டயாலிஸிஸ். ராயப்பேட்டைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் காலை 6 மணிக்குப் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். 4 மணி நேரம் ரத்தம் சுத்தமாக வேண்டும். அதே படுக்கைக்கு 11 மணிக்கு வேறொருவர் காத்திருப்பார். தாமதமாகப் போனால் அந்தத் தாமதம் சிகிச்சையிலிருந்துதான் கழியும்.

முதல் நாள் மாலை உறவினர் ஒருவர் பாதை மாற்ற அறிவிப்பு ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார். சகோதரி அதை அப்படியே டிரைவருக்குத் தள்ளிவிட்டு, "ஆர்.கே. மடம் ரோடு மூடிட்டாங்களாம், பார்த்து வாங்க" என்று சொல்லிவிட்டார். டிரைவரும் பார்த்துத்தான் வந்தார். மறுநாள் விடியற்காலையில் திரு.வி.க. பாலம் தாண்டியதும் வண்டியைச் சாந்தோம் பக்கம் திருப்பி, கடற்கரை வழியாகச் சுற்றி, ராதாகிருஷ்ணன் சாலையில் ஏறி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 6.25. வழியில் விசாரித்தால் மந்தைவெளியிலிருந்து லஸ்ஸுக்கு வண்டிகள் வழக்கம் போல் போய்க் கொண்டிருந்தனவாம்! "அறிவிப்பு பொய்யா, டிரைவர் பொய்யா?" என்று கேட்கிறார் சகோதரி.

இரண்டு பேர் மீதும் தப்பில்லை, அம்மா. அறிவிப்பில் இருந்த ஒரு சின்ன வார்த்தை உங்கள் வாயிலிருந்து டிரைவர் காதுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அது "நோக்கி" என்கிற வார்த்தை.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இந்த விவகாரம் பழக்கமானது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து வரும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் தடமும் திருமயிலையில், பூமிக்கடியில் சந்திக்கின்றன. அதற்காக 2024ல் ஆர்.கே. மடம் சாலையிலும் சுற்றுப்புறத் தெருக்களிலும் போக்குவரத்தை மாற்றினார்கள். இப்படிப்பட்ட வேலைகளில் ரஸ்தாவை முழுவதும் அடைப்பது அபூர்வம். பாதி அகலத்தை வேலி போட்டு எடுத்துக் கொண்டு, மீதிப் பாதியில் ஒரு திசை வண்டிகளை மட்டும் விடுவார்கள். மற்றத் திசை வண்டிகளுக்குத்தான் சுற்று வழி. ஆகவே, அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது எந்த ரஸ்தா என்பதல்ல. எங்கேயிருந்து எங்கே போகிறவனுக்கு என்பதே.

ஒரு மாதிரி வாசகம் வைத்துக் கொண்டு பார்ப்போம். நிஜ அறிவிப்பில் தெருக்களின் வரிசை அவ்வப்போது மாறும். இது பழகிக் கொள்வதற்காக நான் எழுதியது.

"சி.எம்.ஆர்.எல். பணி காரணமாக, ராயப்பேட்டை நெடுஞ்சாலையிலிருந்து மந்தைவெளி நோக்கிச் செல்லும் எல்.எம்.வி. வாகனங்கள் லஸ் ஜங்ஷனில் தடுக்கப்பட்டு, லஸ் சர்ச் ரோடு, டிசில்வா ரோடு, பக்தவத்சலம் ரோடு, செயின்ட் மேரீஸ் ரோடு வழியாகத் திருப்பி விடப்படும்."

இதில் தடுக்கப்படுவது யார்? ராயப்பேட்டையிலிருந்து தெற்கே வருகிறவன். அடையாற்றிலிருந்து வடக்கே போகிறவனைப் பற்றி அறிவிப்பு வாயே திறக்கவில்லை. வாய் திறக்கவில்லை என்றால் அவன் பாதை பெரும்பாலும் பழையபடி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் நம் சகோதரியின் தாயார் விடியற்காலையில் நேராகவே போயிருக்கலாம். சிகிச்சை முடிந்து 11 மணிக்குத் திரும்பும் போதுதான் சுற்று. அசதியோடு வருகிற நோயாளிக்கு அது கொஞ்சம் அதிகப்படி நேரமே தவிர, படுக்கை பறிபோகிற ஆபத்து இல்லை.

டிரைவருக்கு இதை எப்படிச் சொல்வது? தெருப் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பிக்காதீர்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு முக்கியமாக வேண்டியவை இரண்டு இடங்கள்: பழைய வழியை விட்டு விலகும் இடம், மறுபடி வந்து சேரும் இடம். இடையில் உள்ளதைப் போலீஸ்காரர் கையும் அம்புக்குறியும் காட்டிவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"டிரைவர், காலையிலே போறப்ப மாத்தமே இல்லே, மந்தைவெளி வழியா நேரா லஸ்ஸுக்குப் போங்க. திரும்பி வர்றப்ப மட்டும் லஸ் கார்னர்லே நேரா விடமாட்டாங்க. வலது கை பக்கம் லஸ் சர்ச் ரோட்டிலே திரும்பணும். கடைசியிலே செயின்ட் மேரீஸ் ரோடு வந்து மந்தைவெளியிலே நம்ம பழைய ரோட்டைப் பிடிச்சுடலாம்."

"சரிம்மா. அப்போ நடுவிலே மாட வீதி இறங்கணும்னா?"

நல்ல கேள்வி! டிரைவர் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி. போகிற இடம் அடைத்த பகுதிக்குள்ளேயே இருந்தால், சுற்று வழி உங்களை அந்த இடத்தைத் தாண்டிக் கொண்டு போய் விட்டுவிடும். அப்போது எந்தத் திசை திறந்திருக்கிறதோ அந்தத் திசையிலிருந்து நுழைவதே வழி. நம் மாதிரியில், மந்தைவெளி வரை சுற்றிப் போய் அங்கிருந்து வடக்கே திரும்பி மாட வீதிக்கு வரலாம். அல்லது கச்சேரி ரோட்டுப் பக்கம் இறங்கிக் கொண்டு, கபாலி கோயிலுக்கு நாலு எட்டு நடந்துவிடலாம். முழங்கால் இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

இடம், வலம் என்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து படத்தைப் பார்க்கிற நமக்கு எது வலமோ, அது எதிர்த் திசையில் வருகிற டிரைவருக்கு இடம். போனில் "ரைட்டிலே திரும்புங்க" என்று சொல்வதற்கு முன், அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்று மனத்தில் வண்டியில் ஏறிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி எழுத்துக்களின் கூட்டம். முதல் வரியில் ஜி.சி.டி.பி. என்றிருந்தால் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துப் போலீஸ், உத்தரவு அவர்களுடையது. ஜி.சி.சி. என்றால் மாநகராட்சி. சி.எம்.ஆர்.எல். மெட்ரோ ரயில், சி.எம்.டபிள்யு.எஸ்.எஸ்.பி. என்கிற ரயில் வண்டி நீளத்துப் பெயர் குடிநீர் வாரியம். இந்த இரண்டையும் ஜனங்கள் "மெட்ரோ" என்றே சொல்கிறார்கள்! குழாய் உடைப்பு சில நாளில் மூடப்படலாம். சுரங்க ரயில் நிலையத்துக்குப் பள்ளம் வெட்டினால் வருஷக் கணக்கு. ஆகவே எந்த மெட்ரோ என்று கேட்டுக் கொள்வது உபயோகமானது.

வண்டி எழுத்துக்களை டிரைவருக்கு நாம் கற்றுக் கொடுக்க வேண்டாம். எல்.எம்.வி. என்பது அவருடைய லைசென்ஸிலேயே அச்சாகியிருக்கிறது: கார், வேன் போல 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டி. எச்.எம்.வி. கனரக வண்டி, எம்.டி.சி. மாநகரப் பஸ். நம்மில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரே அறிவிப்பில் பஸ்ஸுக்கு ஒரு வழியும் காருக்கு வேறொரு வழியும் கொடுத்திருப்பார்கள். அகலம் குறைந்த தெருவில் பஸ் திரும்பாது அல்லவா? பஸ்ஸுக்கான பத்தியைக் காருக்குப் படித்தால் வீண் சுற்று. பஸ்ஸில் போகிற சகோதரிகளோ அந்தப் பத்தியைத்தான் படிக்க வேண்டும். வழி மாறினால் நிறுத்தமும் மாறும்.

தெருப் பெயர்களோ தனிப் புராணம். அறிவிப்பில் டி.டி.கே. சாலை என்று இருக்கும். பழைய டிரைவர் மவுப்ரேஸ் ரோடு என்பார். முத்துராமலிங்கத் தேவர் சாலையை ஊர் இன்னும் சாமியர்ஸ் ரோடு என்கிறது. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையாகி எத்தனையோ வருஷமாயிற்று. பெயரோடு ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னால் சண்டை இல்லை.

தேதிக்கு வருவோம். "12ஆம் தேதி முதல் 15ஆம் தேதி வரை, இரவு 22.00 முதல் காலை 06.00 வரை" என்று ஒரு வரி. 22.00 என்பது இரவு 10 மணி. ஆனால் 15ஆம் தேதி விடியற்காலை 5 மணிக்கு ரஸ்தா திறந்திருக்குமா? 14ஆம் தேதி இரவு அடைத்தது 15ஆம் தேதி காலை 6 வரை நீடிக்கும், ஆகவே அடைத்திருக்கும். 15ஆம் தேதி இரவும் கணக்கில் உண்டென்றால் 16 விடியற்காலையும் அடைப்புதான். வரியில் "தினமும்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பகலில் ரஸ்தா திறந்திருக்கும். இல்லையென்றால் தொடர்ச்சியாக அடைத்திருப்பார்களோ என்று சந்தேகப்பட்டு, விசாரித்து விடுவதே மேல். எழும்பூரில் விடியற்காலை ரயில் பிடிக்கிறவர்கள் தவறுவது இந்த நள்ளிரவுக் கணக்கில்தான்.

முடிவுத் தேதியை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள். தி.நகரில் தெற்கு உஸ்மான் ரோட்டிலிருந்து சி.ஐ.டி. நகருக்கு மேம்பாலம் கட்டுவதற்காக 2023 செப்டம்பர் கடைசியில் வண்டிகளைப் பர்கிட் ரோடு, மூசா தெரு என்று சுற்றவிட ஆரம்பித்தார்கள். பாலம் திறந்தது 2025 நவம்பரில். தீபாவளி ஜவுளிக்குத் தி.நகர் போகிறவர்கள் எத்தனை பண்டிகை சுற்றினார்கள் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள்! அறிவிப்பில் "சோதனை முறையில்" என்றிருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நெரிசலைப் பார்த்து நாலு நாளில் வழியையே மாற்றினாலும் மாற்றுவார்கள். அப்போது உங்கள் கையிலுள்ள படம் பழைய பஞ்சாங்கம்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை மாறி வரும் படத்தில் மேல் விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும். வருஷமும் உத்தரவிட்டவர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வருஷம் தெரியாத அறிவிப்பை டிரைவருக்கு அனுப்பாதீர்கள். போக்குவரத்துப் போலீஸாரின் சமூக வலைப் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். எழுத்து மங்கினால், படமாக அனுப்பாமல் வாட்ஸ்அப்பில் "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள். பொடி எழுத்தும் கலையாமல் வரும்.

காந்தி நகர் சகோதரிக்கு இன்னும் ஒன்று. பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று மயிலாப்பூருக்குத் தனியாக ஒரு மாற்றம் அறிவிப்பார்கள். அன்று மெட்ரோ அறிவிப்பை மறந்துவிட்டு உற்சவ அறிவிப்பை மட்டும் பாருங்கள்; காலையில் திறந்திருந்த பாதை பிற்பகலில் ஜன சமுத்திரமாகிவிடும். அன்று சிகிச்சை நாளாக வந்தால், திரும்பும் போது டிரைவரை லஸ் பக்கமே வர வேண்டாம், டி.டி.கே. சாலை வழியாகத் தெற்கே இறங்கச் சொல்லி முதல் நாளே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.