பெயருக்கு முன்னால் ஒரு சொல்

நம் மாவட்ட ஊராட்சி ஒன்றில் குடிநீர்த் தொட்டி திறப்பு விழாக் கல்வெட்டைப் பார்த்தோம். சட்டமன்ற உறுப்பினருக்கு 'திரு', அதிகாரிகளுக்கு 'திரு', ஒப்பந்ததாரருக்கும் 'திரு'. பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் வென்ற ஊராட்சித் தலைவரின் பெயர் மட்டும் மொட்டையாக நிற்கிறது. காரணம் கேட்டோம். "அந்த அம்மாவின் கணவர் இறந்துவிட்டார். திருமதி போடலாமா என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டோம்" என்றார்கள்.

தெரியவில்லை என்பதே காரணமானால், தெரிந்துகொள்வது எளிது.

ஆணுக்குத் 'திரு'. மணமானவரா இல்லையா என்று அந்தச் சொல் கேட்பதில்லை. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் 'செல்வன்' என்று போடும் வழக்கம் உண்டு. பெண்ணுக்கு வரும்போதுதான் திருமணம் குறுக்கே வருகிறது. மணமானவர் 'திருமதி', மணமாகாதவர் 'செல்வி'.

கணவர் இறந்தாலும் திருமதி, திருமதிதான். அது மனைவியின் பெயரோடு நிற்கும் மரியாதை, கணவரோடு போய்விடுவதில்லை. செல்விக்கும் வயது வரம்பு இல்லை. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவைக் கடைசிவரை 'செல்வி' என்றே எழுதினார்கள்.

மணமானவரா என்று தெரியாதபோதும், அதைச் சொல்ல அவர் விரும்பாதபோதும் 'திருமிகு' இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஆக, எந்த நிலையிலும் பெயரை மொட்டையாக விட அவசியமே இல்லை.

எழுதும் முறையும் கடினமல்ல. மரியாதைச் சொல் முதலெழுத்துக்கும் முன்னால் வரும்: 'திருமதி க. மாரியம்மாள்'. 'முனைவர்' பட்டம் பெற்றவருக்கு அதுவே போதும். கூடவே 'திரு' வேண்டாம். நாமே நம் பெயரை எழுதிக் கையெழுத்திடும்போது 'திரு' போட்டுக்கொள்வதில்லை. மரியாதை பிறர் தருவது.

பிறர் தருவது என்பதால்தான் அது யாருக்கு விடுபடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. காலனியில் எழுபது வயதுப் பெரியவரை ஊர்த்தெருச் சிறுவன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கவில்லை. வாயால் செய்ததைக் கல்லில் செய்தால் அது அடுத்த தலைமுறைக்கும் நிற்கும். ஒரே கல்லில் ஒன்பது பேருக்குத் தெரிந்த இலக்கணம் பத்தாவது பெயருக்கு மட்டும் மறந்துபோனால், அதை மறதி என்று நம்மால் எடுத்துக்கொள்ள முடியாது.

கல் செதுக்கும் முன்பு வாசகம் தாளில்தான் எழுதப்படுகிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் படித்துப் பார்க்க வேண்டும். எழுத்துக் கூட்டத் தயங்குபவருக்குப் பக்கத்து வீட்டு மாணவர் படித்துச் சொல்லலாம். ஏற்கெனவே செதுக்கிவிட்டார்களா? திருத்தித் தரும்படி வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். அந்த மனுவிலும் தலைவரின் பெயருக்கு முன்னால் 'திருமதி' இருக்கட்டும்.