ஈர மணலில் ஜாக் வேண்டாம்

கீரிக் கடற்கரையில் மேடை போட்டால் காலடியில் ஈர மணல், கையில் உப்பு வியர்வை. அங்கே ஆம்பிளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குக் கால் அங்குல ஜாக் வயரை இழுப்பதை நான் ஏற்கமாட்டேன். 1000 வாட் ஆம்பிளிஃபயர் 4 ஓம் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் இயக்கும்போது அந்த வயரில் ஏறத்தாழ 63 வோல்ட் இருக்கிறது. யாராவது காலில் தட்டி ஸ்பீக்கர் பக்கத்து ஜாக் கழன்றால், அதன் வெறும் உலோகத்தில் அந்த மின்னழுத்தம் அப்படியே நிற்கும். நனைந்த கையால் அதை எடுப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். அந்த ஜாக், பழைய தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்தது, இந்த வேலைக்கல்ல.

1987இல் நியூட்ரிக் நிறுவனம் கொண்டுவந்த ஸ்பீக்கோன் இணைப்பியில் முனைகள் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பதுங்கியிருக்கும், விரல் படாது. செருகித் திருகினால் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. கிட்டார் வயரை அதில் தவறிச் செருகவும் முடியாது. ஆனாலும் ஆம்பிளிஃபயர் ஓடும்போது அதைக் கழற்றக் கூடாது. பொறி பறந்து முனைகள் கருகலாம்.

பெருநாளுக்கும் கூத்துக்கும் ஒலிபெருக்கி பிடிப்பவர்களே, முன்பணம் கொடுக்குமுன் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.