கம்பெனி கவிழ்ந்தால் பென்ஷன் யார் கொடுப்பது?

ஓய்வு பெறுகிறவர் மொத்தமாக ஒரு தொகையை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கட்டி, ஆயுள் முழுவதும் மாதந்தோறும் பணம் பெறுவதே 'ஆனுவிட்டி' திட்டம். அந்தக் கம்பெனியே நொடித்துப்போனால் என்ன கதி? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா அனுபவத்தில் விடை கண்டது.

கலிபோர்னியாவில் 'பசிபிக் லம்பர்' என்ற மரக் கம்பெனியை 1986இல் 'மாக்சாம்' நிறுவனம் வாங்கியது. பிறகு தொழிலாளர் பென்ஷன் நிதி கலைக்கப்பட்டது. பென்ஷன் கொடுக்கும் பொறுப்பு 'எக்ஸிகியூட்டிவ் லைஃப்' என்ற இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றப்பட்டது. அந்தக் கம்பெனியோ, அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு, தரம் குறைந்த கடன் பத்திரங்களில் பணத்தைக் கொட்டியிருந்தது. பத்திரங்களின் விலை சரிந்ததும், 1991 ஏப்ரலில் மாநில இன்சூரன்ஸ் கமிஷனர் அதைக் கையகப்படுத்தினார். ஆனுவிட்டிதாரர்களின் மாதத் தொகை 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

தொழிலாளர் பென்ஷனுக்கு அங்கே மத்திய அரசின் உத்தரவாதக் கார்ப்பரேஷன் உண்டு. ஆனால் பென்ஷன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாறிய கணமே அந்தப் பாதுகாப்பு அற்றுப்போகிறது. அதன்பின் மிஞ்சுவது மாநில உத்தரவாதச் சங்கம் ஒன்றே. அச்சங்கம் முன்கூட்டிச் சேர்த்து வைத்த நிதியல்ல. ஒரு கம்பெனி கவிழ்ந்த பிறகு, மாநிலத்தில் தொழில் செய்யும் மற்றக் கம்பெனிகளிடம் அவற்றின் பிரீமிய வருவாய்க்கேற்பப் பணம் வசூலிக்கிறது. ஆண்டு வசூலுக்கு வரம்பு உண்டு. ஆகவே பெரிய கம்பெனி விழுந்தால் வசூல் பல ஆண்டுகளுக்கு நீளும்.

ஒருவருக்குக் கிடைக்கும் தொகைக்கும் உச்சவரம்பு உண்டு. இன்று பல மாநிலங்களில் அது 2,50,000 டாலர். ஒரு முதியவருக்கு இனி வர வேண்டிய தவணைகளின் இன்றைய மதிப்பு 4,00,000 டாலர் என்று கொள்வோம். முதல் 2,50,000ஐச் சங்கம் ஏற்கும். மீதி 1,50,000க்கு அவர் திவாலான கம்பெனியின் சொத்தில் பங்கு கேட்க வேண்டும். அதில் 60 சதவீதம் தேறினால் 90,000 கிடைக்கும். ஆக மொத்தம் 3,40,000. மாதம் 1,000 டாலர் வாங்கியவர் இனி 850 வாங்குவார்.

இந்தியாவில் நிலை என்ன? எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி மத்திய அரசே உத்தரவாதம். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தனியார் ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆனுவிட்டிக்கு அத்தகைய நிதி ஏதுமில்லை. கடமைக்கு மேல் உள்ள உபரிச் சொத்து, விதிக்கப்பட்ட சால்வென்சி வரம்பைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்ற விதியும், ஒழுங்காணையத்தின் கண்காணிப்புமே அரண். தேசிய பென்ஷன் திட்டத்தில் சேர்ந்தவர்கள் சேமிப்பின் ஒரு பகுதிக்கு ஆனுவிட்டி வாங்க வேண்டியிருக்கிறது. கட்டாயமாக வாங்கச் சொல்லும் அரசு, கொடுப்பவன் தவறினால் யார் ஏற்பது என்பதையும் சட்டத்தில் எழுதுவதே முறை.