போர்டு மாத்தினா போனே வேற!

குர்லா ஸ்டேஷன் பக்கம் போன் ரிப்பேருக்குக் கொடுக்கிற நம்மாளுங்க எல்லாரையும் ஒரு நாள் உக்கார வச்சுத் திட்டணும்னு ரொம்ப நாளா ஆசை. இன்னிக்கு எங்க எதிர் பிளாட் அண்ணாச்சியை வச்சு ஆரம்பிக்கிறேன்.

மழையில நனைஞ்ச போனுக்கு 3,500 ரூபாய்க்கு போர்டு மாத்தினார். நாலு நாள் நல்லா ஓடிச்சு. அஞ்சாம் நாள் திரையில 'Emergency calls only'. கடைக்காரன் "சிம் கா ப்ராப்ளம்"னுட்டான். அண்ணாச்சியும் புது சிம் வாங்கினார், கம்பெனிக்காரனைத் திட்டினார், அப்புறம்தான் என்கிட்ட வந்தார்.

அந்த சிம்மை என் போன்ல போட்டேன், சிக்னல் வந்தது. அவர் போன்ல *#06# அடிச்சா வந்த 15 இலக்கம் ஒண்ணு, பெட்டியில ஒட்டியிருந்தது வேற. வரத்தானே செய்யும்? ஐஎம்இஐ எண் இருக்கிறது போர்டு மெமரியில. பெட்டியில இருக்கிறது வெறும் ஸ்டிக்கர். பாஸ்புக் அட்டையை வச்சுக்கிட்டு உள்ளே வேற ஆளோட கணக்கை ஓட்டினா எங்க பேங்க்ல விடுவோமா?

ஆனா எண் வேறங்கிறதுக்காக மட்டும் நெட்வொர்க் போனைத் தள்ளாது. அதுக்கு உங்க பெட்டியில என்ன எண் இருக்குன்னே தெரியாது. போர்டு சொல்ற எண்ணைத்தான் பார்க்கும். போர்டு மாத்தின நிமிஷத்துல இருந்தே சிக்னல் இல்லைன்னா, எண் எழுதாத வெத்து போர்டாவோ மெமரி கெட்டதாவோ இருக்கலாம். நாலு நாள் ஓடி நின்னா கறுப்புப் பட்டியலைச் சந்தேகப்படுங்க. KYM போட்டு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தை அடிச்சு 14422க்கு அனுப்பினோம். பிளாக் ஆன எண்ணாம்! யாரோ திருட்டுக் கொடுத்த போனோட போர்டு. சொந்தக்காரர் புகார் கொடுத்திருக்கார், சிஇஐஆர் அந்த எண்ணை எல்லா நெட்வொர்க்லயும் அடைச்சிருக்கு. அதுல சிம் போட்டவர் யாருங்கிற விவரம் போலீஸுக்குப் போகும். போட்டது நம்ம அண்ணாச்சி!

இதுக்குக் கடைக்காரன் சொன்ன வைத்தியம்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பிச்சு. "பெட்டி நம்பரையே உள்ளே எழுதித் தர்றேன், 500 ரூபா." அண்ணாச்சி தலையாட்டிட்டார். "2009ல சைனா செட்டுக்கெல்லாம் நம்பர் போட்டாங்களே தம்பி"ங்கிறார். போட்டாங்க, ஆனா அது எண்ணே இல்லாத செட்டுகளுக்கு, அரசு அனுமதியோட. 2017 விதிகள் வந்தப்புறம் எண்ணை மாத்தி எழுதினா மூணு வருஷம் வரை ஜெயில் அண்ணாச்சி! பழுதாகாத பழைய போர்டை அவன் வேற செட்டுல மாட்டி வித்துட்டான்னா, ஒரே எண்ல ரெண்டு போன் ஊர்ல சுத்தும்.

முறையான சர்வீஸ் சென்டர்லயும் புது எண்ணோட போர்டு வரலாம், தப்பில்லை. ஜாப் ஷீட்ல பழைய எண், புது எண் ரெண்டும் இருக்கணும். இல்லாட்டி நாளைக்கு போன் தொலைஞ்சா பழைய பில் எண்ணைக் கொடுத்துத்தான் புகார் எழுதுவீங்க. திருடன் போன் பாட்டுக்கு ஓடும். டூயல் சிம்னா எண் ரெண்டு, ரெண்டையும் பாருங்க.

அண்ணாச்சியைக் கூட்டிக்கிட்டுப் போய் போர்டைத் திருப்பிக் கொடுத்தாச்சு. கேட்டதுல 2,000 வந்தது. பில் கேட்டோம். "பில் புக் தீந்து போச்சு"ன்னான்.