பேர் மாறும், கொடி மாறும், எண் மாறாது!

கப்பலின் பின்புறத்தில் அதன் பேரும், பேருக்குக் கீழே பதிவு செய்த துறைமுகத்தின் பேரும் எழுதியிருக்கும். கம்பத்தில் ஏதோ ஒரு நாட்டின் கொடி பறக்கும். அதைப் பார்த்து, கப்பல் அந்த நாட்டுக்காரருடையது என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் முதலாளி ஒரு நாட்டில் இருப்பார், கொடி வேறொரு நாட்டுடையதாக இருக்கும். எங்கே வரி குறைவோ, எங்கே தொழிலாளர் சட்டம் தளர்வோ, அந்த நாட்டில் பணம் கட்டிக் கப்பலைப் பதிந்துகொள்ளலாம். இதற்கு வசதிக் கொடி என்று பேர். பேரும் அப்படித்தான். பழையதைப் பெயின்ட்டால் மறைத்துப் புதியதை எழுத எத்தனை நேரம் ஆகும்?

மாறாத ஒன்று இருக்கிறது. அதுதான் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பேரால் வழங்கப்படும் ஏழு இலக்க எண். ஐ.எம்.ஓ. என்ற எழுத்துகளும் அதன் பின்னே ஏழு இலக்கங்களும் வரும். லாயிட்ஸ் பதிவேட்டில் கப்பல்களுக்கு ஏற்கெனவே இருந்த எண்களையே 1987-ல் அந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. 1996 முதல் பெரிய கப்பல்களுக்கு அது கட்டாயமாயிற்று.

ஒரு கப்பலின் வரலாற்றைப் பார்ப்போம். உலகில் கட்டப்பட்ட கப்பல்களிலேயே மிக நீளமான எண்ணெய்க் கப்பல் அது. நீளம் 458 மீட்டர். ஜப்பானில் கட்டினார்கள். 1979-ல் ஹாங்காங் முதலாளி ஒருவரிடம் லைபீரியக் கொடியோடு, ‘சீவைஸ் ஜயன்ட்’ என்ற பேரில் ஓடத் தொடங்கிற்று. ஈரான்-ஈராக் யுத்தத்தில் 1988-ல் ஈராக்கிய விமானங்கள் அதன்மீது குண்டு வீசின. சேதமடைந்த கப்பலை மீட்டுப் பழுது பார்த்தபோது ‘ஹாப்பி ஜயன்ட்’ ஆனது. 1991-ல் நார்வேக் கொடியோடு ‘யாரே வைக்கிங்’. 2004-ல் சிங்கப்பூர்க் கொடியோடு ‘நாக் நெவிஸ்’. அப்போது அது ஓடும் கப்பலாகக்கூட இல்லை, கத்தார் கடலில் எண்ணெய் சேர்த்துவைக்கும் மிதக்கும் கிடங்கு. கடைசியில் சியரா லியோன் கொடியோடு ‘மான்ட்’ என்ற பேரில் குஜராத்தின் அலாங் கடற்கரைக்கு வந்தது. அங்கே நம் நாட்டுத் தொழிலாளர்கள் அதை உடைத்தார்கள்.

ஐந்து பேர், நான்கு கொடி, பல முதலாளிகள். எண் மட்டும் ஒன்றே: 7381154. உடைத்த பிறகும் அது வேறெந்தக் கப்பலுக்கும் உரியதாகாது.

அந்த எண்ணுக்குள் நாட்டின் அடையாளத்தையும் சேர்த்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். சேர்த்திருந்தால் கொடி மாறும் போதெல்லாம் எண்ணும் மாறியிருக்கும். நான்கு கொடிக்கு நான்கு எண். பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒட்டாமல் போயிருக்கும். கப்பலின் ரேடியோ எண் அப்படிப்பட்டதுதான். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். இந்தியக் கொடிக்கு 419. கொடி மாறினால் அந்த எண்ணும் மாறும். லாரியின் நம்பர் பிளேட்டைப் போன்றது ரேடியோ எண். லாரியின் சேஸிஸ் எண்ணைப் போன்றது ஐ.எம்.ஓ. எண். அது கொடிக்கோ முதலாளிக்கோ உரியதல்ல, இரும்பு உடலுக்கு உரியது.

ஆகவேதான் அதைப் பெயின்ட்டால் எழுதினால் மட்டும் போதாது என்று 2004 முதல் விதி இருக்கிறது. தகட்டில் புடைப்பாகவோ, வெட்டியோ, புள்ளி குத்தியோ பதிக்க வேண்டும். வெளியே இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில் ஒன்று; உள்ளே, எஞ்சின் அறைச் சுவர் போன்ற இடத்தில் ஒன்று.

தொழிலாளிக்கு இதில் என்ன? மாதக்கணக்கில் சம்பளம் தராமல் மாலுமிகளை அன்னியத் துறைமுகத்தில் கைவிட்டுவிடும் முதலாளிகள் இன்றும் இருக்கிறார்கள். கப்பலை விற்றுப் பேரையும் கொடியையும் மாற்றிவிட்டால் பாக்கி தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பல நாட்டுக் கடல் சட்டங்களில் மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பலின்மீதே ஏறி நிற்கும். சாதாரண விற்பனையால் அது கழன்று போகாது. எந்தக் கப்பல் என்று காட்டத்தான் எண் வேண்டும். கைவிடப்பட்ட மாலுமிகளைப் பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வைத்திருக்கும் பதிவேட்டிலும் கப்பலை இந்த எண்ணைக் கொண்டே தேடலாம்.

எண்ணிலும் திருட்டு உண்டு. உடைத்துப்போட்ட கப்பலின் எண்ணைச் சூடிக்கொண்டு எண்ணெய்க் கப்பல்கள் ஓடியது சமீப ஆண்டுகளில் அம்பலமானது. எண்ணிலேயே ஒரு சிறு சோதனை இருக்கிறது. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். மேலே சொன்ன கப்பலுக்கு 49, 18, 40, 4, 3, 10; மொத்தம் 124. அதன் கடைசி இலக்கம் 4. கப்பல் எண்ணின் ஏழாவது இலக்கமும் 4. ஒத்துவரவில்லையென்றால் எண் தவறு. ஒத்துவந்தால் மட்டும் கப்பல் நிஜம் என்று ஆகிவிடாது. திருடிய எண்ணும் ஒத்துவரும். பதிவேட்டில் உள்ள நீளம், கட்டிய ஆண்டு, கப்பலின் வகை ஆகியவற்றோடு கண்முன் நிற்கும் கப்பலை ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் கப்பல் வேலைக்குப் போகும்போது ஏஜென்ட் சொல்லும் பேரையும் கொடியையும் மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் போதாது. அந்த ஏழு இலக்கத்தையும் ஒரு பிரதி வீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகட்டும். நாளை பாக்கியைக் கேட்க நேர்ந்தால், பேர் மாறிய கப்பலையும் அது காட்டிக்கொடுக்கும்.