ஊருக்குப் பெயர் மாறினால் கிண்ணத்துக்கும் பெயர் மாறணுமா?

கொஞ்சம் கோபமான பதிவு இது. கோபம் முதலில் என் மேலேயேதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அந்தமானுக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. வாய் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறது. அதற்கு முன்னால் 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது. பெயர் மாற்றத்தின் அரசியலை டீக்கடையில் பேசிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்தது அதை வைத்து நடக்கும் வசூலைப் பற்றி.

நம்ம அண்ணாச்சி ஒருத்தர் இங்கே படாக் மரச் சாமான்கள் செய்து விற்கிறார். கிண்ணம், தட்டு, அஞ்சறைப் பெட்டி. இணையத்திலும் கடை உண்டு. போன மாதம் மெயின்லேண்டிலிருந்து ஒரு "ஆலோசகர்" போன் செய்திருக்கிறார். "சார், உங்க போட்டோ பைல் எல்லாத்துலயும் port-blair-னு இருக்கு, ஊர் பேரே மாறிடுச்சு, 340 படத்துக்கும் பேர் மாத்தணும், ஆல்ட் டெக்ஸ்ட்ல கீவேர்டு சேக்கணும், நாற்பதாயிரம் ஆகும்." அண்ணாச்சி செக்கை எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நல்லவேளை, கொடுப்பதற்கு முன்னால்.

செக்கைக் கிழிக்கச் சொன்னேன். காரணம் கேளுங்கள் மக்களே.

இணையத்தில் ஒரு படத்தின் முகவரியே அதன் பைல் பெயர்தான். பெயரை மாற்றினால் வீடு மாறின மாதிரி. பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 திருப்பி விடவில்லை என்றால், கூகுள் தேடலிலும் யாரோ பகிர்ந்த பக்கத்திலும் அந்தப் படம் செத்துப்போகும். திருப்பி விட்டாலும், பக்கங்களைப் போல அடிக்கடி கூகுள் படங்களைத் திரும்ப வந்து பார்ப்பதில்லை. சரியாக மாதக்கணக்கில் ஆகலாம். இத்தனைக்கும் கூகுளுக்குப் பைல் பெயர் வெறும் லேசான ஒரு குறிப்புதான். படத்தைச் சுற்றி இருக்கும் எழுத்து, தலைப்பு, ஆல்ட் டெக்ஸ்ட் இவைதான் கனமானவை. லேசான ஒன்றுக்காக ஏற்கனவே நிலைத்த முகவரியை உடைக்க நாற்பதாயிரமா?

ஊர் பெயரைப் பைலில் வைத்ததே தப்பு. கிண்ணத்தின் படத்தில் ஊர் எங்கே தெரிகிறது? ஊர் பெயர் இருக்க வேண்டியது பக்கத்தின் எழுத்தில். "ஸ்ரீ விஜயபுரம் (முன்பு போர்ட் பிளேர்)" என்று ஒரு வரி போட்டால் பழைய பெயரில் தேடுகிறவரும் வருவார், புதிய பெயரில் தேடுகிறவரும் வருவார். செலவு பூஜ்யம்.

அப்போ பைல் பெயரைக் கண்டுகொள்ளவே வேண்டாமா? புதிதாக ஏற்றும் படத்துக்கு வையுங்கள். பட்டறையிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் படம் IMG-20240611-WA0007.jpg என்று இருக்கும். ஏற்றுவதற்கு முன் padauk-bowl-in-hand.jpg என்று மாற்ற பத்து விநாடி போதும். சின்ன எழுத்து, சொல்லுக்குச் சொல் நடுவில் ஹைபன், மூன்று நான்கு சொல். தமிழில் வைத்தால் கூகுளுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் சுட்டியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் %E0%AE%AA மாதிரி ஒன்பது எழுத்தாக விரியும். "படாக்" மட்டுமே 45 எழுத்து. அதனால் பைல் பெயர் ஆங்கிலத்தில், ஆல்ட் டெக்ஸ்ட் பக்கத்தின் மொழியில்.

இப்போ ஆல்ட் டெக்ஸ்ட். ஆலோசகர் மாதிரிக்கு அனுப்பியது இது:

```html
<img src="IMG-20240611-WA0007.jpg"
 alt="andaman wood bowl best andaman gift
 buy wood bowl port blair cheap online">
```

இதை யார் படிக்கப் போகிறார்கள்? அண்ணாச்சியின் மச்சான் தூத்துக்குடியில் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர், சர்க்கரையால் பார்வை போய்விட்டது. போனில் திரையை வாசித்துக் காட்டும் வசதியை வைத்துத்தான் எல்லாம் பார்க்கிறார், இல்லை, கேட்கிறார். மகள் கல்யாணத்துக்குச் சீர் கொடுக்க மாப்பிள்ளை கடையிலேயே பார்ப்போம் என்று திறந்திருக்கிறார். ஒரே பக்கத்தில் நாலு படம். நாலுக்கும் ஒரே "பெஸ்ட் அந்தமான் கிஃப்ட்". போனில் கேட்டாராம்: "மாப்பிள்ளை, சீப்பு சீப்புன்னு நாலு தடவை சொல்லுது. கிண்ணம் என்ன நிறம், எவ்வளவு பெரிசுன்னு ஒரு தடவைகூடச் சொல்லலியே?"

இதற்கு மேல் என்ன வேண்டும்? `alt` என்பது 1995-லேயே எச்டிஎம்எல்லில் இருக்கிறது. அப்போது கூகுள் பிறக்கவே இல்லை. படம் தெரியாதவருக்குப் படத்தைச் சொல்வதுதான் அதன் வேலை. கூகுள் பிறகு வந்து ஒட்டுக் கேட்கிறது, அவ்வளவுதான். கீவேர்டைத் திணித்தால் ஸ்பாமாகப் பார்க்கப்படலாம் என்று கூகுளே தன் வழிகாட்டியில் எச்சரிக்கிறது.

அன்று ராத்திரி அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து அந்த நாலு படத்துக்கும் எழுதினோம். சோதனை ஒன்றே ஒன்று: மச்சானுக்குப் போனில் இந்தப் படத்தைச் சொன்னால் என்ன சொல்வாய்? அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

```html
<img src="padauk-bowl-in-hand.jpg"
 alt="ஒரு உள்ளங்கையில் அடங்கும் செந்நிறப்
 படாக் மரக் கிண்ணம், விளிம்பில் வெளிர் கோடு">
```

அடுத்தது மர ரேகை நெருக்கமாகத் தெரியும் படம், மூன்றாவது தட்டையான அடிப்பாகம், நாலாவது சாப்பாட்டு மேசையில் மூடியோடு. நாலும் வேறு வேறு வரி. "படாக் மரக் கிண்ணம்" என்ற சொல் தானாகவே உள்ளே வந்துவிட்டது பாருங்கள், திணிக்கவே இல்லை. அளவும் விலையும் பக்கத்தின் எழுத்தில். அலங்காரப் பூ பார்டருக்கு `alt=""` என்று காலியாக விட்டோம். அப்படியே எழுதாமல் விட்டால் சில கருவிகள் பைல் பெயரை வாசித்துத் தொலைக்கும்.

இதனால் நாளைக்கே முதல் இடம் வராது. வரும் என்பவர் பொய் சொல்கிறார். சர்ச் கன்சோலில் தேடல் வகையைப் "படம்" என்று மாற்றி, மூன்று மாதம் கழித்து, எந்தச் சொல்லுக்கு வருகிறார்கள் என்று பார்க்கலாம். அதற்கு மேல் வாக்குறுதி கிடையாது.

இப்போ என் மேல் கோபம் ஏன் என்றால், அந்த port-blair பைல் பெயர்களை 2016-ல் வைத்ததே நான்தான் :-( அப்போது இங்கே இணையம் சாட்டிலைட் வழி. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டில்தான். அதுவரை பிரவுசரில் படத்தை அணைத்துவிட்டுத்தான் பக்கம் பார்ப்போம். படம் இருக்க வேண்டிய கட்டத்தில் ஆல்ட் டெக்ஸ்ட் மட்டும் தெரியும். அதை வைத்தே டிக்கெட் எடுத்தவன், பேங்க் பார்த்தவன் நான். படம் வராவிட்டால் எப்படி இருக்கும் என்று தினம் அனுபவித்துக்கொண்டே, அடுத்தவன் பக்கத்தில் கீவேர்டு அடுக்கியிருக்கிறேன். கேபிள் வந்ததும் எனக்குப் படம் வந்துவிட்டது. மச்சானுக்கு வரவில்லை.

பி.கு: பழைய 340 பைல் பெயரும் அப்படியேதான் இருக்கின்றன. ஆல்ட் டெக்ஸ்ட் மட்டும் தினம் பத்து மாற்றுகிறோம். கிண்ணம் தூத்துக்குடிக்குக் கப்பலேறிவிட்டது.